ட்ரெஷரி பில், கமர்ஷியல் பேப்பர், வைப்புச் சான்றிதழ்: விகிதத்தைப் பார்த்து ஏமாறும் இடம்

மூன்றும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முதிரும் கடன் பத்திரங்கள்தான். பில்லை அரசு வெளியிடும், கமர்ஷியல் பேப்பரை நிறுவனம், சான்றிதழை வங்கி.

விகிதங்களை நேராக ஒப்பிடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அமெரிக்கச் சந்தை வழக்கத்தில் ஒரு கணக்குப் போடுவோம். 91 நாள் பில் ஒன்று 98.50-க்குக் கிடைக்கிறது, முதிர்வில் 100 வரும். இதன் தள்ளுபடி விகிதத்தை முகமதிப்பான 100-இன் மேல், 360 நாள் ஆண்டுக்குக் கணக்கிடுவார்கள்: 5.93%. பக்கத்திலேயே 6% என்று ஒரு வைப்புச் சான்றிதழ். அதுதான் மேல் என்று தோன்றும். ஆனால் நம் கையிலிருந்து போனது 98.50 தான். அதன் மேல் 365 நாளுக்குப் பார்த்தால் பில்லின் வருவாய் 6.11%. சான்றிதழ் போட்ட பணத்தின் மேலேயே வட்டி தருகிறது; ஆனால் அதுவும் 360 நாள் கணக்கு. 365-க்கு மாற்றினால் 6.08% தான். பில்லே முந்துகிறது!

கமர்ஷியல் பேப்பரும் பில்லைப் போலத் தள்ளுபடியில்தான் விற்கும், விகிதம் சற்றுக் கூடுதலாக. அந்தக் கூடுதல் சும்மா வருவதில்லை: பெரும்பாலும் அடமானம் கிடையாது, பழைய தாளைப் புதிய தாள் விற்றே அடைப்பார்கள். வாங்குவோர் ஒரு வாரம் ஒதுங்கினாலே சிக்கல். 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, அதன் கடன் தாள்களில் 78.5 கோடி டாலர் வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச் சந்தை நிதியின் யூனிட் மதிப்பு 1 டாலரிலிருந்து 97 சென்ட்டுக்கு இறங்கியது.

சான்றிதழுக்கு வைப்புக் காப்பீடு உண்டே என்பீர்கள். அதற்கு உச்சவரம்பு இருக்கிறது. பெருந்தொகைச் சான்றிதழில் மிச்சமெல்லாம் அந்த வங்கியின் நிலையைப் பொறுத்ததே.