ஸ்டாண்ட்பையை உயர்த்திய பிறகு செயலிகளை எப்படித் திருப்புவது: நான்கு வழிகள், ஒரே அளவுகோல்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் முதன்மை சர்வர் விழுந்துவிட்டால், அதன் மாற்றங்களைத் தொடர்ந்து நகலெடுத்துக்கொண்டு ஸ்டாண்ட்பையாகக் காத்திருக்கும் சர்வரை முதன்மையாக உயர்த்துவது மிக எளிய வேலை. 12-ஆம் பதிப்பிலிருந்து ஸ்டாண்ட்பைக்குள் நுழைந்து எஸ்க்யூஎல் வழியாகவே செய்துவிடலாம்.

```
SELECT pg_last_wal_receive_lsn(), pg_last_wal_replay_lsn();
SELECT pg_promote();
SELECT pg_is_in_recovery();
```

முதன்மையின் மாற்றப் பதிவேடு ஸ்டாண்ட்பைக்கு எதுவரை வந்துசேர்ந்தது, எதுவரை செயல்படுத்தப்பட்டது என்று முதல் வரி காட்டும் இரு எண்களையும் உயர்த்துவதற்கு முன்பே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் பதற வேண்டியதில்லை. ஸ்டாண்ட்பை தன் கைக்கு வந்துசேர்ந்த பதிவுகள் அனைத்தையும் செயல்படுத்தி முடித்த பிறகுதான் முதன்மையாகத் திறக்கும். முதன்மையிலிருந்து புறப்படாமலே போன பதிவுகள்தாம் உண்மையான இழப்பு, அவற்றின் அளவை ஸ்டாண்ட்பையிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றாவது வரிக்கு `f` என்று பதில் வந்தால் உயர்த்தும் வேலை முடிந்தது.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் செயலிகளைப் புதிய முதன்மைக்குத் திருப்ப வேண்டும். இதற்குப் பரவலாகப் பயன்படும் வழிகள் நான்கு: டிஎன்எஸ் பெயரை மாற்றுவது, மிதக்கும் ஐபி முகவரியை இடம் மாற்றுவது, கனெக்‌ஷன் சரத்திலேயே இரு சர்வர்களையும் எழுதிவைப்பது, நடுவில் நின்று கனெக்‌ஷன்களைக் கைமாற்றிவிடும் பிஜிபவுன்சர் மென்பொருளை வைப்பது. எது எத்தனை விநாடியில் திரும்பும் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒப்பிட்டேன். இப்போது நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: இறந்ததாக நாம் நினைத்த பழைய முதன்மை பத்து நிமிடம் கழித்துத் தானாக எழுந்துவந்தால், இந்த வழி செயலிகளை அதனிடமிருந்து தள்ளிவைக்குமா?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது, நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் ஆர்டர் தரவுத்தளம். 10.0.4.11 முதன்மை, 10.0.4.12 ஸ்டாண்ட்பை, முன்னால் ஐந்து செயலி சர்வர்கள். அவற்றின் கனெக்‌ஷன் சரம் இப்படி இருந்தது.

```
postgresql://app@10.0.4.11,10.0.4.12/orders?target_session_attrs=read-write&connect_timeout=3
```

செயலி முதலில் .11-ஐத் தட்டும், மூன்று விநாடிக்குள் பதில் வராவிட்டாலோ, அங்கே எழுத முடியாது என்று தெரிந்தாலோ,.12-க்குப் போகும். பார்ப்பதற்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை. தனி மென்பொருள் வேண்டாம், நெட்வொர்க்கில் எதையும் தொட வேண்டாம், ஸ்டாண்ட்பையை உயர்த்தினாலே போதும். அன்று 11:20-க்கு .11 கெர்னல் கோளாறால் உறைந்தது. 11:24-க்கு நான் .12-ஐ உயர்த்தினேன். ஒரு நிமிடத்துக்குள் ஆர்டர்கள் மறுபடியும் பதிவாகத் தொடங்கின.

11:31-க்கு சர்வர் அறையில் இருந்தவர் நல்லெண்ணத்தில் .11-ஐ அணைத்துப் போட்டார். இயந்திரம் எழுந்தது, தரவுத்தளச் சேவை தானாகத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்ததால் அதுவும் எழுந்தது, சில விநாடிகளில் தன்னைச் சரிசெய்துகொண்டு முதன்மையாகவே திறந்தது. இன்னொருவர் தன் இடத்துக்கு வந்துவிட்டார் என்று அதற்குச் சொல்ல யாருமில்லை. அந்த நொடியில் எதுவும் உடையவில்லை என்பதுதான் இதில் மிகக் கொடியது. செயலிகளின் கனெக்‌ஷன் பூல்கள் ஏற்கெனவே .12-ஐப் பிடித்திருந்தன. ஆனால் ஒவ்வொரு பூலும் அரை மணி நேரம் வாழ்ந்த கனெக்‌ஷனை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அப்படித் திறக்கப்பட்ட புதிய கனெக்‌ஷன் ஒவ்வொன்றும் பட்டியலில் முதலில் இருந்த.11-ஐத் தட்டியது, எழுத முடியும் என்ற பதிலைப் பெற்றது, அங்கேயே தங்கியது. ஆர்டர்கள் சிறிது சிறிதாக இரண்டு தரவுத்தளங்களிலும் விழத் தொடங்கின.

பகல் பன்னிரண்டரைக்கு ஒரே ஆர்டர் எண் இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் போயிருப்பதாகப் புகார் வந்தபோதுதான் தெரிந்தது. அந்த மோதல் தற்செயலானதல்ல. போஸ்ட்கிரெஸ் வரிசை எண்களை ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் எழுதுவதில்லை, 32 எண்களை முன்கூட்டியே ஒதுக்கி எழுதிவிடுகிறது. கிராஷுக்குப் பின் எழும் சர்வரும் உயர்த்தப்பட்ட ஸ்டாண்ட்பையும் பதிவேட்டில் இருக்கும் அந்த எண்ணுக்கு அடுத்ததிலிருந்துதான் தொடங்கும். வரிசை எண்ணுக்கான கடைசிப் பதிவு இருவரிடமும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே இரண்டும் அதே எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கின.

இரட்டை முதன்மை என்ற சந்தேகம் வந்தவுடன், இரண்டு தரவுத்தளச் சர்வர்களோடும் தனித்தனியே இணைந்து இதை ஓட்டிப் பார்க்கலாம்.

```
SELECT inet_server_addr(), pg_walfile_name(pg_current_wal_lsn());
```

உயர்த்தப்படும்போது சர்வரின் டைம்லைன் எண் ஒன்று கூடுகிறது. கோப்புப் பெயரின் முதல் எட்டு இலக்கங்கள் அந்த எண்ணே. ஓரிடத்தில் `00000001` என்றும் மற்றோரிடத்தில் `00000002` என்றும் வந்தால், சிறிய எண் வந்த சர்வரை அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

எனவே சரத்தில் இரு சர்வர்களை எழுதும் வழி வேகத்தில் முதலிடம் பெற்றாலும், என் அளவுகோலில் கடைசியிடம் பெறுகிறது. எழுத முடியுமா என்று மட்டுமே அது கேட்கிறது. இருவரும் முடியும் என்று சொன்னால் எவர் உண்மையானவர் என்று அறிய அதற்கு வழியில்லை. இரு பெயர்களின் வரிசையை மாற்றினாலும் ஆபத்து அடுத்த விபத்துக்குத் தள்ளிப்போகுமே தவிர நீங்காது.

டிஎன்எஸ் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர் புதிய முகவரியைச் சுட்டியபின் பழைய சர்வர் எழுந்தாலும் புதிய கனெக்‌ஷன்கள் அதனிடம் போகா, ஆகவே சரத்தைவிட இது மேல். ஆனால் பெயரை ஒருமுறை தேடியபின் நினைவில் வைத்துக்கொள்ளும் இடங்கள் பல: இயங்குதளம், இடையில் உள்ள டிஎன்எஸ் சர்வர், ஜாவா இயந்திரம். அவற்றில் ஏதாவது ஒன்று பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடைவெளியில் பழைய முதன்மை எழுந்தால், அதே விபத்து சிறிய அளவில் நிகழும். எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பை 30 விநாடியாக வைப்பது உதவும். எல்லா இடங்களும் அதை மதிக்கும் என்று நம்பிவிட முடியாது.

மிதக்கும் ஐபியில், செயலிகள் எப்போதும் 10.0.4.10 என்ற ஒரே முகவரியோடு பேசுகின்றன. எந்த இயந்திரம் முதன்மையோ அது அந்த முகவரியைச் சுமக்கிறது. உயர்த்தி முடித்த பிறகு புதிய முதன்மையில் இரண்டே வரிகள்.

```
ip addr add 10.0.4.10/24 dev eth0
arping -U -c 3 -I eth0 10.0.4.10
```

இந்த முகவரி இப்போது என்னிடம் இருக்கிறது என்று இரண்டாவது வரி அக்கம்பக்கத்து இயந்திரங்களுக்கு அறிவிக்கிறது. கையால் சேர்த்த இந்த முகவரி ரீபூட்டைத் தாண்டி நிலைக்காது என்பதே இதன் பெரிய பலம்: பழைய முதன்மை ரீபூட் ஆகி எழும்போது வெறும் .11-ஆக எழுகிறது, அதனிடம் யாரும் வருவதில்லை. ரீபூட் ஆகாமல் உறைந்து மீண்டால் முகவரி அதனிடமே இருக்கும் என்பதால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் உயர்த்த வேண்டும். இந்த மாற்றத்தைத் தானாகச் செய்யும்படி கீப்அலைவ்ட் என்ற மென்பொருளிடம் ஒப்படைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னுரிமை எண் அதிகமுள்ள இயந்திரம் எழுந்தவுடன் முகவரியைத் திரும்பப் பறித்துக்கொள்வதே அதன் இயல்பு. இரு இயந்திரங்களிலும் `state BACKUP` என்றும், `nopreempt` என்றும் எழுதாவிட்டால் பழைய முதன்மை செயலிகள் அனைத்தையும் ஒரே நொடியில் தன்பக்கம் இழுத்துவிடும்.

அறுந்த கனெக்‌ஷன்களை விடுவிப்பதிலும் மிதக்கும் ஐபிக்குச் சற்று நன்மை உண்டு. செயலி அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புதல் வராதபோது லினக்ஸ் இயல்பாகச் சுமார் 15 நிமிடம் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். முகவரி இடம் மாறிவிட்டால் அந்தப் பாக்கெட் புதிய இயந்திரத்தை அடைகிறது, இப்படியொரு கனெக்‌ஷனே இல்லை என்று அது உடனே மறுக்கிறது, செயலியும் புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் கேள்வியை அனுப்பி ஒப்புதலும் பெற்றுவிட்டு விடைக்காக மட்டும் காத்திருக்கும் கனெக்‌ஷனுக்கு இது உதவாது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று டிசிபி சோதித்துப் பார்க்கும் கீப்அலைவ் நேரத்தை இயல்பான 7200 விநாடியிலிருந்து குறைத்தே ஆகவேண்டும். மிதக்கும் ஐபியின் எல்லையும் தெளிவானது: இரு இயந்திரங்களும் ஒரே லேன் பிரிவில் இருக்க வேண்டும். கிளவுட் நெட்வொர்க்குகளில் இந்த அறிவிப்பு பெரும்பாலும் பலிக்காது.

அத்தகைய இடங்களுக்கு நான் தேர்ந்தெடுப்பது பிஜிபவுன்சரை. செயலிகள் பிஜிபவுன்சரோடு மட்டுமே பேசும்; தரவுத்தளத்தின் முகவரி அதன் `pgbouncer.ini` கோப்பில் ஒரே இடத்தில் இருக்கும். உயர்த்தியபின் அந்த வரியில் .11-ஐ .12 ஆக்கி, அதன் நிர்வாகக் கன்சோலில் `RELOAD` கொடுத்தால் போதும். முகவரி கோப்பில் எழுத்தாக இருப்பதால், பழைய சர்வர் எத்தனை முறை எழுந்தாலும் யாரும் அதைத் தேடிப் போவதில்லை. குறையும் உண்டு. ஒரே பிஜிபவுன்சர் என்றால் அது விழுந்தால் எல்லாம் விழும். செயலி சர்வர் ஒவ்வொன்றிலும் ஒன்று என்றால் ஐந்து கோப்புகளையும் மாற்ற வேண்டும், ஒன்று விடுபட்டாலும் அந்தச் சர்வர் பழைய முதன்மைக்குக் காத்திருக்கும். இரண்டாவது அமைப்பையே நான் ஏற்கிறேன், மாற்றத்தை ஒரே ஸ்கிரிப்ட் வழியாக மட்டும் செய்து, மேலே சொன்ன டைம்லைன் சோதனையை ஐந்து பிஜிபவுன்சர்கள் வழியாகவும் ஓட்டிப் பார்ப்பது என்ற நிபந்தனையோடு.

நான்கில் எதைத் தேர்ந்தாலும், முதன்மை விழுந்தபின் தானாக எழாதபடி செய்வது விபத்துக்கு முன்பே முடித்துவைக்க வேண்டிய வேலை. டெபியனிலும் உபுண்டுவிலும் 15-ஆம் பதிப்புக்கு `/etc/postgresql/15/main/start.conf` கோப்பில் `auto` என்பதை `manual` ஆக்கினால் போதும். சாதாரண ரீபூட்டுக்குப் பிறகும் ஒருவர் கையால் தொடங்க வேண்டிவரும் என்று சிலர் இதை மறுப்பார்கள். அந்த ஒரு நிமிடத் தொல்லையை நான் மனமாரச் சுமப்பேன்.

அன்று .11-ஐ நிறுத்தியபின் அதை உடனே ஸ்டாண்ட்பையாக மாற்றிவிட எல்லோரும் துடித்தார்கள். `pg_rewind` அதற்குரிய கருவிதான். ஆனால் இரு வரலாறுகளும் பிரிந்த இடத்துக்குப் பின் பழைய சர்வரில் எழுதப்பட்ட அனைத்தையும் அது அழித்துவிடும். ஆகவே முதலில் .11-இன் தரவு அடைவை முழுமையாக நகலெடுத்தோம். நகலைச் செயலிகளுக்கு எட்டாத வேறொரு போர்ட்டில் திறந்து, 11:31-க்குப் பின் உருவான ஆர்டர்களைத் தனியே எடுத்தோம். 37 இருந்தன. கிராஷுக்குச் சற்று முன் பதிவாகி .12-ஐ எட்டாமலே போன இரண்டும் அதே நகலில் கிடைத்தன. முப்பத்தொன்பதுக்கும் புதிய எண் கொடுத்து .12-இல் சேர்த்து, வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்த பிறகே `pg_rewind` ஓடியது. தரவுச் செக்சம் முன்பே இயக்கப்பட்டிருந்ததால் அது ஓடியது. செக்சமோ `wal_log_hints` அமைப்போ இல்லாதிருந்தால், முழுத் தரவுத்தளத்தையும்.12-இலிருந்து மறுபடி நகலெடுத்துத்தான் .11-ஐ ஸ்டாண்ட்பையாக நிறுத்தியிருக்க முடியும்.