ஆறு மடங்கு என்று வாங்கியது பதினெட்டு மடங்கு: இ.பி.எஸ்., பி.இ. இரண்டில் எதைக் கொண்டு விலையை மதிப்பது?

சில ஆண்டுகளுக்கு முன், குறுவை நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட முடிவு செய்தபோது, என் முன் இரண்டு எண்கள் இருந்தன. நிறுவனத்தின் நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது இ.பி.எஸ்., அதாவது ஒரு பங்குக்கு உரிய லாபம். பங்கின் சந்தை விலையை அந்த இ.பி.எஸ். எண்ணால் வகுத்தால் கிடைப்பது பி.இ. விகிதம். மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கும் என் மைத்துனர் முதல் எண்ணை நம்புகிறவர். நான் இரண்டாவதை நம்பி வாங்கி அடிபட்டேன். ஆயினும் இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

மைத்துனரின் வாதம் எளிமையானது. “அத்தான், பங்குக்கு அஞ்சு ரூபாய் சம்பாதிக்கிற கம்பெனியைவிட அம்பது ரூபாய் சம்பாதிக்கிற கம்பெனிதானே ஒசத்தி?” என்பார். எங்கள் பக்கத்தில் நிலம் வாங்குகிறவர் எவரும் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை குத்தகை வரும் என்று கேட்டதோடு நிறுத்துவதில்லை. மா என்ன விலை என்று கேட்டு, எத்தனை ஆண்டுக் குத்தகையில் போட்ட பணம் திரும்பும் என்று மனக்கணக்குப் போட்ட பிறகே முன்பணம் கொடுக்கிறார். இ.பி.எஸ். முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. அதில் விலையே இல்லை. போதாததற்கு, மா என்பதற்கு ஊரறிந்த ஓர் அளவு உண்டு. பங்கு என்பதற்கு அப்படி எதுவும் இல்லை. 100 கோடி ரூபாய் லாபத்தை 2 கோடிப் பங்குகளாகப் பிரித்தால் இ.பி.எஸ். 50 ரூபாய், 20 கோடிப் பங்குகளாகப் பிரித்தால் 5 ரூபாய், தொழில் ஒன்றே. கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கை இலவசமாக போனஸ் என்று கொடுத்தால் இ.பி.எஸ். பாதியாகும், விலையும் ஏறத்தாழப் பாதியாகும், பி.இ. மட்டும் அசையாது. மலிவா, கிராக்கியா என்ற கேள்விக்கு இ.பி.எஸ். தனியாக விடை சொல்லாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் பி.இ. என்னை ஏன் ஏமாற்றியது என்பதுதான் விரிவாகப் பேச வேண்டியது. நான் வாங்கியது ஒரு நூற்பாலைப் பங்கு. விலை 180 ரூபாய், கடைசி நான்கு காலாண்டுகளின் இ.பி.எஸ். 30 ரூபாய், ஆகவே பி.இ. 6. அதே தொழிலில் உள்ள மற்ற ஆலைகள் 15 மடங்குக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தபோது இது ஆறு மடங்குக்குக் கிடைக்கிறதே என்று, ஆலையின் கணக்கைத் திறந்துகூடப் பார்க்காமல், கைப்பேசித் திரையில் தெரிந்த எண்ணை வைத்தே வாங்கிவிட்டேன்.

அந்த 30 ரூபாயைக் காலாண்டு வாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தால் கதை அப்போதே தெரிந்திருக்கும். முதல் காலாண்டில் 2.50, இரண்டாவதில் 2.00, மூன்றாவதில் 23.00, நான்காவதில் 2.50. விற்பனைத் தொகை நான்கிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. லாபம் மட்டும் மூன்றாவதில் பத்து மடங்கு துள்ளியிருந்தது. காரணம், நகரத்துக்குள் வந்துவிட்ட தன் பழைய ஆலை நிலத்தை அந்தக் காலாண்டில் நிறுவனம் விற்றிருந்தது. முடிவு அறிக்கையில் வரிக்கு முந்தைய லாபத்துக்குச் சற்று மேலே, விதிவிலக்கான இனங்கள் என்ற வரியில், 50 கோடி ரூபாய் வெளிப்படையாகவே நின்றது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை, நான்தான் படிக்கவில்லை.

கணக்கைத் திருத்திப் போடுவது கடினமல்ல, ஆனால் ஓரிடத்தில் தவறுவது எளிது. அந்த 50 கோடி வரிக்கு முந்தைய தொகை, இ.பி.எஸ். வரிக்குப் பிந்தைய லாபத்திலிருந்து வருவது. எனவே அந்த விற்பனை லாபத்துக்குரிய வரி சுமார் 10 கோடியைக் கழித்து, 40 கோடியைத்தான் நிகர லாபத்திலிருந்து எடுக்க வேண்டும். மொத்த நிகர லாபம் 60 கோடி. அதில் 40 கோடி போனால் நூல் நூற்றுச் சம்பாதித்தது 20 கோடி. பங்குகள் 2 கோடி. உண்மையான இ.பி.எஸ். 10 ரூபாய், உண்மையான பி.இ. 18. மலிவு என்று நான் வாங்கியது, தன் இனத்திலேயே சற்று விலை கூடிய பங்கு.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. திரையில் தெரியும் பி.இ. பெரும்பாலும் கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டிப் போடுவது. ஆகவே நிலம் விற்ற காலாண்டு அந்த நான்கிலிருந்து வெளியேறும் வரை ஓராண்டு முழுவதும் பங்கு மலிவாகவே காட்சி தரும். அது வெளியேறி, புதிய காலாண்டின் முடிவு உள்ளே வரும் நாளில், விலை அசையாமலே விகிதம் மூன்று மடங்காகத் தாவும். எனக்கு நேர்ந்தது அதைவிட மோசம். அடுத்த ஆண்டு இ.பி.எஸ். 9 ரூபாயாக இறங்கியது, விலையும் 120-க்கு வந்தது, ஆனால் பி.இ. 6-லிருந்து 13-க்கு மேல் ஏறியிருந்தது. விலையில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகு, பங்கு கிராக்கியாகிவிட்டது என்று திரை சொன்னது.

வகுபடும் எண் மாறாமல் வகுக்கும் எண் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பொதுவில் ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. 2021 மார்ச் இறுதியில் நிஃப்டி குறியீட்டின் பி.இ. விகிதத்தை, தாய் நிறுவனத்தின் தனித்த கணக்குக்குப் பதிலாக, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கின்படி போடத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 40 ஆக இருந்த விகிதம் மறுநாளே ஏறத்தாழ 33 ஆனது. சந்தை அந்த அளவுக்கு விழவே இல்லை. தனிப் பங்கிலும் இந்த வேறுபாடு உண்டென்பதால், ஒரு நிறுவனத்தைத் தனித்த கணக்கிலும் மற்றொன்றை ஒருங்கிணைந்த கணக்கிலும் வைத்து ஒப்பிடாதிருக்க வேண்டும்.

ஆகவே இப்போது நான் பி.இ. எண்ணைத் திரையில் படிப்பதில்லை, தாளில் போடுகிறேன். காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள், ஆண்டு முடிவென்றால் 60 நாட்களுக்குள், பட்டியலிட்ட நிறுவனங்கள் முடிவுகளைப் பங்குச் சந்தைக்குத் தந்தாக வேண்டும். சந்தையின் தளத்தில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் விதிவிலக்கான இனங்களையும், இதர வருமானம் திடீரென வீங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துக் கழித்த பிறகே விலையை வகுக்கிறேன். இதற்கு நான்கு காலாண்டுகளின் இ.பி.எஸ். வரிசையாகத் தேவைப்படுவதால், மைத்துனரின் எண்ணை நான் தள்ளிவிட்டதாகச் சொல்ல முடியாது. விலையைச் சொல்லாவிட்டாலும், லாபம் எங்கே துள்ளியது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கிறது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு பி.இ. பொருளற்றது என்பதால், அங்கே நஷ்டம் குறைகிறதா என்று பார்க்க இ.பி.எஸ். மட்டுமே கையில் மிஞ்சும்.

சர்க்கரை ஆலைகளில் இந்த முறையும் போதாது என்று தோன்றுகிறது. சர்க்கரை விலை உச்சத்தில் இருக்கும்போது லாபம் பெருகி பி.இ. மிகக் குறைவாகத் தெரிகிறது. கழிப்பதற்கு நில விற்பனை போன்ற எதுவும் அங்கே இல்லை, ஆனாலும் அந்த லாபம் நிலைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகளின் சராசரி இ.பி.எஸ். கொண்டு வகுப்பது சரியாக இருக்கலாம். நான் பார்த்திருப்பது ஒரே ஒரு சுற்று என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். வங்கிப் பங்குகளில் என் அனுபவம் அதைவிடக் குறைவு. 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி போன்றவற்றைப் பற்றி யாராவது கேட்டால், வங்கிகளுக்கு, சொத்தில் கடன் போக மிஞ்சும் புத்தக மதிப்போடு விலையை ஒப்பிடுவதே வழக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நூற்பாலைப் பங்கு இன்னும் என் டிமேட் கணக்கில்தான் இருக்கிறது. சென்ற வாரம் விலை 126. நான் கழித்துப் போட்ட இ.பி.எஸ். 10.50. பன்னிரண்டு மடங்கு.