டியூஷன் வருகைப் பதிவு: நோட்டா, ஷீட்டா?

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வீட்டு மாடியில் டியூஷன் எடுப்பவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: நீள நோட்டுக்குக் கொஞ்சம் காசு போதும். கூகுள் ஷீட்டுக்குக் கட்டணமே இல்லை, ஃபோன் இருந்தால் சரி.

தினசரி வேலை: நோட்டில் 20 பேருக்கு வருகை போட 2 நிமிடம் கூட ஆகாது. ஃபோனில் சின்னக் கட்டங்களைத் தொட்டுப் போடுவது மெதுவாகத்தான் நடக்கும்.

கணக்கு: மாதக் கடைசியில்தான் நோட்டு படுத்தும். ஒவ்வொரு வரிசையாக ஆப்சென்ட் எண்ண வேண்டும். ஷீட்டில் C முதல் AG வரை 31 நாள் வைத்து, AH, AI-இல் இப்படிப் போடலாம்:

```
=COUNTIF(C2:AG2,"A")
=COUNTIF(C2:AG2,"P")/COUNTA(C2:AG2)
```

விடுமுறை நாளை வெறுமையாக விடுங்கள், 'H' போட்டால் அதுவும் வகுப்பு நாளாக எண்ணப்படும். வராத பிள்ளைக்கு A போட மறப்பதுதான் பெரிய ஆபத்து. AI-ஐச் சதவீத வடிவில் வைத்து, 75%-க்குக் கீழே போனால் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 24 வகுப்பில் 17 வந்தால் 70.8%, கட்டம் சிவப்பாகும். இரண்டு A விட்டுப்போனால் 17/22, அதாவது 77.3%. சிவப்பு வராது, பெற்றோருக்கும் தகவல் போகாது. அதனால் P, A இரண்டை மட்டும் ஏற்கும் டிராப்டவுன் வைத்து, தினமும் வெற்றுக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபீஸ்: பழைய பாக்கி 200, இம்மாதம் 600, கட்டியது 500 என்றால் மீதி 300. நோட்டில் பாக்கியை அடுத்த பக்கத்துக்கு எழுத மறந்தால் அந்த 200 போனது போனதுதான்.

15 பேருக்குள் என்றால் நோட்டே போதும். அதற்கு மேலே, பல பேட்ச் என்றால் வகுப்பில் நோட்டு, இரவில் ஷீட்.