190 வோல்ட்டில் எது தாங்கும்: சாதா பிரிட்ஜா, ஷாட்கி பிரிட்ஜா, சென்டர் டேப்பா?

ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் ஒரு கேரட் தோட்டத்துக்கு உறைபனி எச்சரிக்கைப் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு வெப்பநிலை உணரி, ரிலே, சைரன். எல்லாம் சேர்ந்து 5 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் இழுக்கும். சப்ளைக்கு 9 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், ஏசி-யை டிசி ஆக்கும் நான்கு டையோடு பிரிட்ஜ், 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 7805 ரெகுலேட்டர். பட்டறையில் சோதித்தால் குறையே தெரியாது. ஆனால் இந்தப் பெட்டி உழைக்க வேண்டிய நேரம் ஜனவரி மாத விடியற்காலை. ஊரெல்லாம் வாட்டர் ஹீட்டர் போடும் நேரமும் அதுதான். லைன் கடைசியில் இருக்கும் தோட்டத்தில் 230 வோல்ட் 190-க்கு இறங்கிவிட்டால், பெட்டி நிற்குமா விழுமா என்பதை டையோடின் டிராப் தீர்மானித்துவிடும்.

டிராப் என்பது டையோடு கடத்தும்போது அதன் இரு முனைகளுக்கும் நடுவே தங்கிவிடும் மின்னழுத்தம். பாடப்புத்தகத்தில் முன்னோக்கு மின்னழுத்த வீழ்ச்சி என்பார்கள். சிலிக்கானுக்கு 0.7 வோல்ட் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்போம். ரெக்டிஃபையரில் அந்த எண்ணை நம்பக் கூடாது. மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் சாதா சிலிக்கான் டையோடான 1N4007 ஏறக்குறைய 0.55 முதல் 0.6 வரை காட்டும், ஏனென்றால் மீட்டர் செலுத்துவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். சுற்றில் நிலைமை வேறு. கெப்பாசிட்டர் இருப்பதால் அலையின் உச்சியில் மட்டும்தான் டையோடு கடத்தும். 10 மில்லி செகண்டில் இரண்டு மூன்று மில்லி செகண்டுக்குள் முழு மின்னூட்டத்தையும் அது தள்ளியாக வேண்டும். அதனால் சராசரி 0.4 ஆம்பியர் என்றாலும் துடிப்பு 2 ஆம்பியரை எட்டும். அந்த நேரத்தில் 1N4007-இன் டிராப் ஒரு வோல்ட் பக்கம் போய்விடும். குளிரும் தன் பங்குக்குக் கூட்டும்: வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் சிலிக்கான் டையோடின் டிராப் சுமார் 2 மில்லிவோல்ட் ஏறும். 25 டிகிரியில் சோதித்த பிரிட்ஜ் 0 டிகிரியில், இரண்டு டையோடுக்குமாகச் சேர்த்து, 0.1 வோல்ட் கூடுதலாகத் தின்னும்.

இப்போது கணக்கு. 230-க்கு 9 வோல்ட் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் 190-க்கு 7.43 வோல்ட்தான் தரும். அதன் உச்சம் 10.5. இரண்டு துடிப்புக்கு நடுவே கெப்பாசிட்டர் இறங்கும் அளவு:

```
0.4 A × 0.01 s ÷ 0.0022 F = 1.8 V
```

உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும், ஆனால் வடிவமைப்புக்கு இந்த எண்ணையே பிடித்துக்கொள்வது நல்லது. 7805-க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அலையின் அடிப்பகுதியிலும் அது 7-க்குக் கீழே போகக் கூடாது.

1N4007 பிரிட்ஜில் மின்னோட்டம் எப்போதும் இரண்டு டையோடு வழியாகப் போகிறது. 10.5-இல் 2 போக 8.5 மிஞ்சும். அதில் 1.8 போக அடிமட்டம் 6.7. ரெகுலேட்டர் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒரு கணம் பிடியை விடுகிறது. 5 வோல்ட் லைனில் நொடிக்கு 100 முறை பள்ளம் விழுகிறது. ரிலே படபடக்கும், மைக்ரோகன்ட்ரோலர் காரணமே இல்லாமல் ரீசெட் ஆகும்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கெப்பாசிட்டர் முனையில் மல்டிமீட்டரை டிசி-யில் வைத்தால் 7.6 வோல்ட் காட்டும். ஏழுக்கு மேல்தானே இருக்கிறது என்று சப்ளையை விட்டுவிட்டு, உணரியையும் புரோகிராமையும் சந்தேகிப்பார்கள். மீட்டர் காட்டுவது சராசரி, அடிமட்டம் அல்ல. சிவப்பு புரோபுக்கு முன் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடரில் வைத்து ஏசி-யில் அளக்க வேண்டும். 0.5 வோல்ட் வந்தால் அதை 3.5-ஆல் பெருக்குங்கள்: மேலிருந்து கீழ்வரை 1.75 வோல்ட் ஆட்டம். அதில் பாதியைச் சராசரியிலிருந்து கழித்தால் அடிமட்டம் கிடைத்துவிடும். ஆஸிலோஸ்கோப் தேவையில்லை.

1N5822 ஷாட்கி டையோடு 1 ஆம்பியரில் 0.4 வோல்ட்டுக்குள்ளும், 3 ஆம்பியரில் 0.525-க்குள்ளும் நிற்கும். பிரிட்ஜில் இரண்டுக்கும் சேர்த்து 0.9 என்று வைத்தால் உச்சம் 9.6, அடிமட்டம் 7.8. பெட்டி தாங்கிவிடும். ஆனால் பலகையில் 1N4007-ஐக் கழற்றிவிட்டு இதைச் செருக முடியாது. கால்கள் தடிமன், துளையை 1.5 மில்லிமீட்டர் பிட்டால் பெரிதாக்க வேண்டும். பழைய துளையிலேயே போகும் 1N5819-ஐ வைத்தால் 2 ஆம்பியர் துடிப்பில் அதன் டிராப்பே 0.75 பக்கம் வந்துவிடும். அடிமட்டம் 7.2-தான், அதை நம்பி ஒரு குளிர்காலத்தை ஓட்டச் சொல்ல மாட்டோம்.

மூன்றாவது வழி 9-0-9 சென்டர் டேப், அதாவது சுருளின் நடுவிலிருந்தும் ஒரு கம்பி எடுத்த ட்ரான்ஸ்ஃபார்மர். ஒரு நேரத்தில் ஒரே டையோடுதான் பாதையில் இருப்பதால், அதே சாதா 1N4007 இரண்டு போட்டாலே உச்சம் 9.5, அடிமட்டம் 7.7. ஷாட்கி பிரிட்ஜுக்கு ஏறக்குறைய சமம், டையோடு செலவோ மிகக் குறைவு. விலை வேறு இடத்தில் போகிறது: பாதிச் சுருள் எப்போதும் சும்மா இருப்பதால் அதே சுமைக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் பெரிதாகவும் கனமாகவும் வேண்டும். கடத்தாத டையோடின் மேல் உச்சத்தைப்போல் இரு மடங்கு பின்னோக்கு மின்னழுத்தம் விழுவதும் உண்டு. லைன் 250-க்கு ஏறினால் அது 28 வோல்ட்டை நெருங்கும். சுமை இல்லாதபோது ட்ரான்ஸ்ஃபார்மர் இன்னும் ஏற்றித் தரும் என்பதால் 30-ஐத் தாண்டும். 1000 வோல்ட் தாங்கும் 1N4007-க்கு இது ஒன்றுமே இல்லை. 40 வோல்ட் ஷாட்கியை இந்த இடத்தில் போட்டால் இடைவெளி மெலிந்துவிடும். கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும் மலையில் அந்த இடைவெளி முக்கியம். பிரிட்ஜில் ஒவ்வொரு டையோடும் ஒரு மடங்கு உச்சத்தை மட்டுமே தாங்குவதால் ஷாட்கிக்கு அதுவே சரியான இடம். அங்கேயும் ஒரு டையோடு ஷார்ட்டானால் ட்ரான்ஸ்ஃபார்மர் சுருள் கருகும். இரண்டாம் பக்கத்தில் 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் இல்லாமல் விடாதீர்கள்.

புதிதாகச் செய்பவர், பெட்டியில் இடமிருந்தால், சென்டர் டேப்போடு 1N4007 போடுவதே எங்கள் தேர்வு. இரண்டு கம்பி ட்ரான்ஸ்ஃபார்மர்தான் கையில் இருக்கிறது என்றால் 1N5822 பிரிட்ஜ். ஏற்கெனவே சாதா பிரிட்ஜ் பலகை மாட்டித் தொங்குகிறது, நாளைக்கே சரியாக வேண்டும் என்றால் கெப்பாசிட்டரை 4700 ஆக்குங்கள்: ஆட்டம் 0.85-க்கு இறங்கி அடிமட்டம் 7.6 ஆகும். துடிப்பு இன்னும் குறுகி உயர்வதால் டிராப்பும் கொஞ்சம் ஏறும், அதனால் 7.5 என்றே எண்ணிக்கொள்ளுங்கள். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் வயதாக ஆகக் கொள்ளளவு இழக்கும். ஒவ்வொரு மார்கழிக்கும் முன்னால் அந்த ஏசி அளவை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.

ஷாட்கி போட்டால் மின்சாரம் மிச்சம் என்று சொல்வார்கள். இந்தச் சுற்றில் அது உண்மையில்லை. 7805 மீதி வோல்ட்டையெல்லாம் சூடாக எரிப்பது. டையோடில் மிச்சமான 1.1 வோல்ட் அப்படியே ரெகுலேட்டர் தலையில் விழும். இரவு 250 வோல்ட் வரும்போது அதன் உள்ளே சராசரியாக 12 வோல்ட் நிற்கும், 7 வோல்ட்டை 0.4 ஆம்பியரில் எரித்தால் 2.8 வாட். ஹீட்சிங்க் கட்டாயம். ஷாட்கி டையோடுகளை அந்த ஹீட்சிங்கிலிருந்து தள்ளி வையுங்கள், சூடு ஏறினால் அவற்றின் பின்னோக்குக் கசிவு பல மடங்கு பெருகும்.