மெதுவாக நகரும் ஸ்டோர்ஸ் சரக்குக்கு ஒதுக்கு: ஒரே லெட்ஜர், மூன்று கணக்கு

ஒரு ஸ்பின்னிங் மில்லின் ஸ்டோர்ஸ் லெட்ஜரை எடுத்துக்கொள்வோம். அசல் லெட்ஜரில் ஆயிரக்கணக்கான ஐட்டங்கள் இருக்கும். கடைசி இஷ்யூ தேதி, வரவு வயது, தேவை என்று ஒதுக்கு போடும் மூன்று முறைகளும் எங்கே பிரிகின்றன என்று பார்க்க நான்கே போதும். கீழே உள்ளவை மாதிரிக்காகப் போட்ட எண்கள்; ஆண்டு 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை.

| ஐட்டம் | ஆரம்பம் | வரவு | இஷ்யூ | ரிட்டர்ன் | இறுதி | ரேட் ₹ | மதிப்பு ₹ |
|---|---|---|---|---|---|---|---|
| ரிங் டிராவலர், பெட்டி | 120 | 1,160 | 1,200 | 0 | 80 | 900 | 72,000 |
| ஸ்பிண்டில் டேப் | 5,000 | 0 | 500 | 0 | 4,500 | 40 | 1,80,000 |
| பழைய வைண்டிங் மெஷின் எலக்ட்ரானிக் கார்டு | 6 | 0 | 1 | 1 | 6 | 18,000 | 1,08,000 |
| ஏர் கம்ப்ரசர் மெயின் மோட்டார், ஸ்பேர் | 1 | 0 | 0 | 0 | 1 | 2,40,000 | 2,40,000 |

மொத்த இருப்பு 6,00,000 ரூபாய். ஒதுக்கு எவ்வளவு என்பதற்கு முன் சுழற்சி விகிதத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பல இடங்களில் அதைக் காட்டித்தான் ‘ஒதுக்கே தேவையில்லை’ என்று வாதாடுவார்கள்.

ஸ்டோர்ஸுக்குச் சரக்கிருப்பு சுழற்சி விகிதம் போடும்போது மேலே வருவது விற்பனை அடக்கவிலை அல்ல, அந்த ஆண்டு ஸ்டோர்ஸிலிருந்து போன நிகர இஷ்யூவின் மதிப்பு. கீழே சராசரி இருப்பு. இங்கே நிகர இஷ்யூ 11,00,000, ஆரம்பம், இறுதி இரண்டின் சராசரி 6,28,000, விகிதம் 1.75. ஏறக்குறைய ஏழு மாதச் சரக்கு கையில் இருக்கிறது என்று பொருள். உதிரிப் பாகக் கிடங்குக்கு இது மோசமில்லை என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஐட்டம் வாரியாகப் பிரித்தால் கதை மாறுகிறது. டிராவலரின் விகிதம் 12. ஸ்பிண்டில் டேப்பின் விகிதம் 0.105. மற்ற இரண்டும் பூஜ்யம். 11 லட்சம் இஷ்யூவில் 10,80,000 டிராவலருடையது. ஆனால் சராசரி இருப்பில் டிராவலரின் பங்கு 90,000 தான். ஒரு ஐட்டம் ஓடுவதால் மற்ற மூன்றும் ஓடுவதுபோலத் தெரிகிறது. ஆகவே மொத்த விகிதத்தை வைத்து ஒதுக்கு வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்கவே கூடாது. ஐட்டம் வாரியான விகிதம், எந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது என்று காட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது.

சராசரியிலும் ஒரு கண்ணி உண்டு. மார்ச் கடைசி வாரம் டிபார்ட்மெண்டுகளுக்கு மொத்தமாக இஷ்யூ போட்டு, ஏப்ரல் முதல் வாரம் ரிட்டர்ன் எடுத்தால் இறுதி இருப்பு இளைத்துவிடும், விகிதம் ஏறிவிடும். ஆரம்ப இருப்பையும் பன்னிரண்டு மாத முடிவு இருப்புகளையும் சேர்த்து 13-ஆல் வகுத்தால் இந்த வித்தை பெரும்பாலும் அடிபடும். ஏப்ரல் மாத ரிட்டர்ன் சீட்டுகளை ஒரு பார்வை பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும்.

இனி ஒதுக்கு. நடைமுறையில் இருக்கும் முதல் இரண்டு முறைகளுக்கும் ஒரே படி வைத்துக்கொள்வோம்: ஓராண்டு வரை ஒன்றுமில்லை, ஒன்று முதல் இரண்டு ஆண்டு 25%, இரண்டு முதல் மூன்று 50%, அதற்கு மேல் 100%. இந்தப் படிகள் எந்தக் கணக்கியல் தரத்திலும் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு கம்பெனியும் தானே வகுத்துக்கொள்வது.

கடைசி இஷ்யூ தேதி முறை. மென்பொருளில் ஒரே ரிப்போர்ட்டில் வந்துவிடும் என்பதால் இதற்கு ஆதரவு அதிகம். டிராவலர் தினமும் போகிறது, ஒதுக்கு இல்லை. ஸ்பிண்டில் டேப் மார்ச் மாதம்கூட இஷ்யூ ஆகியிருக்கிறது, ஒதுக்கு இல்லை. எலக்ட்ரானிக் கார்டு பிப்ரவரி 20-ல் ஒன்று வெளியே போய் 24-ல் திரும்பி வந்திருக்கிறது. அந்த மெஷினையே விற்றாகிவிட்டது. யாரோ வேறொன்றில் பொருத்திப் பார்த்து, சேராமல் திருப்பியிருக்கிறார்கள். ஆனால் கடைசி இஷ்யூ தேதி பிப்ரவரி 2025 என்று விழுந்துவிட்டதால் ஒதுக்கு இல்லை. மோட்டார் 2019-ல் வாங்கியது, ஒருமுறையும் வெளியே போகவில்லை, ஆகவே முழுத்தொகை ஒதுக்கு: 2,40,000. உண்மையாகவே தேவைப்படும் பொருளைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க வேண்டிய இரண்டையும் விட்டுவிட்டது இந்த முறை.

அடிப்படைக் குறை என்னவென்றால், தேதிக்கு அளவு தெரியாது. 4,500 டேப்பில் ஒன்றை எடுத்தாலும் 4,500-ம் புதிதாகிவிடும்.

வரவு வயது முறை. இறுதி இருப்பை எடுத்துக்கொண்டு, கடைசியாக வந்த சரக்கு வரவுச் சீட்டிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போவது. டிராவலர் 80 பெட்டி இருக்கிறது. மார்ச் 28-ல் 100 பெட்டி வந்திருந்தால் எண்பதும் அந்த வரவிலேயே அடங்கிவிடும், வயது மூன்று நாள். ஸ்பிண்டில் டேப் 2022 ஜூனில் 6,000 ஒரே லாட்டாக வந்தது, மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று வாங்கியது. 4,500-ம் அந்த லாட்டுக்கே போகும். வயது இரண்டே முக்கால் ஆண்டு, ஒதுக்கு 50%, அதாவது 90,000. சராசரி ரேட்டில் லெட்ஜர் நடத்துகிறவர்களும் இதைச் செய்யலாம். விலைக்குத்தான் சராசரி, அளவுக்கு வரவுச் சீட்டு இருக்கவே இருக்கிறது.

கார்டில் மறுபடியும் அந்த ரிட்டர்ன் இடறுகிறது. பல மென்பொருள்கள் ரிட்டர்னைப் புது வரவாக எண்ணும். ஆறில் ஒன்று புதுசு, ஐந்து பழசு, ஒதுக்கு 90,000. மோட்டாருக்கு இங்கும் முழு 2,40,000. மொத்தம் 4,20,000, அதாவது இருப்பில் எழுபது சதவீதம்!

இந்த முறையைக் கெடுப்பது பெரும்பாலும் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறிய நாள். அன்று ஆரம்ப இருப்பாக ஏற்றிய எல்லாமே அந்தத் தேதியில் பிறந்ததாகப் பதிவாகும். வயது ரிப்போர்ட்டில் நூற்றுக்கணக்கான ஐட்டங்கள் ஒரே ஏப்ரல் 1-ஐக் காட்டினால் காரணம் இதுதான். ஐட்டம் கோடு மாற்றினாலும், ஒரு கோடவுனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் இதே கோளாறு வரும். அலமாரியில் தொங்கும் இருப்பு அட்டையான பின் கார்டில் பழைய தேதி இருக்கும். மதிப்பில் பெரிய ஐம்பது ஐட்டங்களுக்காவது அதைப் பார்த்துத் திருத்திவிட வேண்டும்.

தேவை முறை. சரக்கு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை விட்டுவிட்டு, இனி எவ்வளவு தேவைப்படும் என்று கேட்பது இது. முதலில் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று ஒவ்வொரு வரிக்கும் போடலாம். D இஷ்யூ, E ரிட்டர்ன், F இறுதி இருப்பு என்றால்:

```
=IF(D2-E2<=0,"NIL",F2/((D2-E2)/12))
```

டிராவலருக்கு 0.8 மாதம். டேப்புக்கு 108 மாதம், ஒன்பது ஆண்டு. கார்டில் இஷ்யூவும் ரிட்டர்னும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் NIL. முதல் இரண்டு முறைகளையும் ஏமாற்றிய சீட்டு இங்கே தானாகவே மறைந்துவிடுகிறது. மோட்டாரும் NIL.

அடுத்து, எத்தனை ஆண்டுத் தேவையைக் கழிப்பது? 24 மாதம் என்று மொத்தமாக வைத்துக்கொள்வது வழக்கம். அப்படிச் செய்தால் 3,500 டேப் உபரியாகி, முழுதாக 1,40,000 ஒதுக்க வேண்டிவரும். அதைவிட மெயின்டனன்ஸிடம் கேட்பது மேல். அந்த ரிங் பிரேம்கள் இன்னும் நான்கு ஆண்டு ஓடும் என்றால் 2,000 டேப் கட்டாயம் செலவாகும். உபரி 2,500, அடக்கவிலை 1,00,000. அதே பிரேம் ஓட்டும் வேறொரு மில் டேப் ஒன்றுக்குப் பத்து ரூபாய் தருமானால் 25,000 கைக்கு வரும், ஒதுக்கு 75,000. கார்டு ஆறும் ஸ்கிராப்பில் தலா 500 போகும் என்றால் 1,08,000-ல் 3,000 கழித்து 1,05,000.

இதற்குக் கணக்கியல் தரத்திலேயே ஆதாரம் இருக்கிறது. உற்பத்தியில் பயன்படுத்த வைத்திருக்கும் பொருளை, அதைக் கொண்டு செய்யும் சரக்கு அடக்கவிலைக்கோ அதற்கு மேலோ விற்கும்வரை, குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை என்கிறது ஏ.எஸ். 2. நூல் லாபத்தில் விற்கிறது என்றால் அந்த 2,000 டேப்பைத் தொடக் காரணம் இல்லை. மீதி 2,500 உற்பத்திக்குப் போகப்போவதே இல்லை என்பதால் அந்தச் சலுகை அதற்குக் கிடையாது. வயது முறையால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. 4,500-க்கும் ஒரே கோடாக 50% போடும்.

மோட்டார் விஷயம் தனி. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது, இருக்கும் மோட்டார் எரிந்தால் மாட்ட இது. நகராமல் இருப்பதே அதன் வேலை. ஓராண்டுக்கு மேல் பயன்படப்போகும் இத்தகைய ஸ்பேர், சொத்துக்கான வரையறைக்குள் வந்தால் ஏ.எஸ். 10-ன்படி நிலையான சொத்தாகப் போய்த் தேய்மானம் காணும். அது ஸ்டோர்ஸ் இருப்பிலிருந்தே வெளியேறுவதால் ஒதுக்கு என்ற கேள்வி எழாது. எந்த முறையானாலும் இந்தப் பட்டியலை முதலில் பிரித்து வைத்துவிட வேண்டும். கம்ப்ரசரை விற்கும் அன்று அதையும் மறக்காமல் திறந்து பார்க்க வேண்டும்.

| ஐட்டம் | கடைசி இஷ்யூ ₹ | வரவு வயது ₹ | தேவை ₹ |
|---|---|---|---|
| டிராவலர் | 0 | 0 | 0 |
| ஸ்பிண்டில் டேப் | 0 | 90,000 | 75,000 |
| கார்டு | 0 | 90,000 | 1,05,000 |
| மோட்டார் | 2,40,000 | 2,40,000 | 0 |
| மொத்தம் | 2,40,000 | 4,20,000 | 1,80,000 |

இரும்பு, எலக்ட்ரிக்கல், மெஷின் பாகங்கள் எல்லாவற்றுக்கும் தேவை முறையே சரி என்பது எங்கள் கருத்து. ரப்பர் காட்ஸ், ஏப்ரன், பெல்ட், பசை, கெமிக்கல் போன்றவற்றுக்கு வயது முறையை விடக்கூடாது. காட்ஸ் அலமாரியிலேயே கெட்டியாகிவிடும். தேவை இருந்தாலும் மாட்ட உதவாது. அங்கே நாள் செல்வதே பழுது. கடைசி இஷ்யூ தேதி சல்லடைக்கு மட்டும் போதும்: ஓராண்டாக அசையாத ஐட்டங்களைப் பொறுக்கி மெயின்டனன்ஸிடம் கொடுக்க.

தேவை முறையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ‘இன்னும் நான்கு ஆண்டு ஓடும்’ என்பது ஒருவர் வாயால் சொல்வது. லாபத்தைக் கூட்ட நினைக்கிறவர் எட்டு என்று சொல்லிவிடலாம். மெஷின் வாரியாக எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த ஆண்டு அதே தாளோடு ஒப்பிட்டால்தான் கட்டுக்குள் நிற்கும்.

பதிவு போடும்போது ஸ்டோர்ஸ் லெட்ஜரின் ரேட்டில் கை வைக்கக்கூடாது. சிலர் ஒதுக்கு போட்ட ஐட்டத்தின் ரேட்டைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். அடுத்த இஷ்யூ இலவசமாகப் போய் அந்த மாத நுகர்வுக் கணக்கே பொய்யாகும். ஒதுக்கு பொதுப் பேரேட்டில் தனிக் கணக்கில் இருக்கட்டும், ஐட்டம் வாரிப் பட்டியல் இணைப்பில் இருக்கட்டும். சுழற்சி விகிதத்தையும் ஒதுக்கைக் கழிக்காத இருப்பின் மேலேயே போட வேண்டும். 4,20,000-ஐக் கழித்த 1,80,000-ஐ வைத்துப் போட்டால், ஒரு டேப்கூட நகராமலேயே விகிதம் எகிறும்.

ஜி.எஸ்.டி. பக்கம் ஒன்று. ஒதுக்கு போடுவதால் மட்டும் உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டியதில்லை. சரக்கையே கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தால் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(h) பிரிவின்படி அந்தச் சரக்குக்கு எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். கார்டுகளை ஸ்கிராப்பாக விற்று வரியோடு பில் போடுவதற்கும், வெறுமனே தள்ளுபடி எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பணமாகத் தெரியும். விற்க முடிகிறவற்றை விற்றுவிட்டுப் பிறகு மீதிக்குத் தள்ளுபடி எழுதலாம்.