நூறு கலோரிக்கு எவ்வளவு புரதம்? மீல் மேக்கரும் முட்டையும் பருப்பும் பனீரும் தயிரும்

அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் புரதம் வேண்டும். எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். கணக்கு. இட்லி, சோறு என்று நாளெல்லாம் முந்நூறு கிராம் அரிசி உள்ளே போனால் அதிலேயே இருபது கிராம் கிடைத்துவிடும், கூடவே ஆயிரம் கலோரியும் ஏறிவிடும். மிச்ச முப்பது கிராமை அதிகம் சாப்பிடாமலும் அதிகம் செலவழிக்காமலும் எதிலிருந்து எடுப்பது? கீழே வரும் விலைகள் எங்கள் பக்கத்துக் கடைகளில் தோராயமாக உள்ளவை.

காகிதத்தில் மீல் மேக்கர்தான் எட்ட முடியாத முதலிடம். நூறு கலோரிக்குப் பதினைந்து கிராம் புரதம். எண்ணெய் எடுத்தபிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்வதால், கொழுப்பு அதில் அநேகமாக இல்லை. அறுபது கிராம் உருண்டை எடுத்தால் முப்பது கிராம் புரதம் வந்துவிடும். கலோரி இருநூறு, செலவு பத்து ரூபாய். அடுத்து முட்டை: நூறு கலோரிக்கு எட்டரை கிராம். முப்பது கிராமுக்கு ஐந்து முட்டை, முந்நூற்றைம்பது கலோரி, முப்பத்தைந்து ரூபாய். துவரம்பருப்பு ஆறரை, பனீர் ஆறு, தயிர் ஐந்தேகால். கடைசி மூன்றுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை.

இதெல்லாம் அடுப்பில் ஏற்றுவதற்கு முந்தைய வரிசை. அடுப்பில் ஏறியதும் முதலில் சறுக்குவது மீல் மேக்கர். ஊறிய உருண்டை பஞ்சு மாதிரி, ஊற்றுகிற எண்ணெயை எல்லாம் குடித்துக்கொள்ளும். என் வறுவலுக்கு வழக்கமாக ஊற்றுகிற எண்ணெயை ஒருநாள் அளந்து பார்த்தேன்: ஐந்து தேக்கரண்டி. அதுவே இருநூறு கலோரி. ஆக, அதே முப்பது கிராம் புரதத்துக்கு இப்போது நானூறு கலோரி, பதினைந்து ஏழரையாகிவிட்டது. வெறுமனே அவித்த முட்டை அதைத் தாண்டிவிட்டது! வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை பிழிந்து, குழம்பிலேயே வேகவிட்டு, தாளிக்க ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தினால் பன்னிரண்டுக்குமேல் நிற்கும். பாக்கெட்டில் 'நூறு கிராமில் 52 கிராம் புரதம்' என்றிருப்பது காய்ந்த உருண்டைக்கு. ஊறினால் எடை ஏறக்குறைய மூன்று மடங்கு. தட்டில் இருக்கும் நூறு கிராமுக்கு அந்த எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

பருப்பில் நடக்கிற ஏமாற்றம் வேறு. 'தினமும்தான் சாம்பார் வைக்கிறோமே' என்பார்கள். நான்கு பேர் வீட்டில் சாம்பாருக்குப் போடுவது நூறு கிராம் துவரம்பருப்பு. ஆளுக்கு இருபத்தைந்து கிராம், அதில் புரதம் ஐந்தரை கிராம்தான். முப்பது கிராமும் பருப்பிலிருந்தே வேண்டுமென்றால் ஒருவருக்கு நூற்று நாற்பது கிராம் வேண்டும். வயிறு உப்பிக்கொள்ளும். ஆனால் விலையில் பருப்பை அடிக்க ஆளில்லை. ரேஷனில் கிலோ முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பில் பத்து ரூபாய்க்கு எழுபது கிராம் புரதம் இருக்கிறது. மீல் மேக்கரில்கூட முப்பதுதான். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்கிற அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கூறு, பருப்பில் நிறைய உண்டு என்பதால், சோற்றோடு சேரும்போது அதன் தரமும் கூடுகிறது. கெட்டியாகக் கடைந்த பருப்பும் அடையும் சாம்பாரைவிட இதற்குப் பொருத்தம்.

பனீரும் தயிரும் ஒரே பாலில் பிறந்தவை. பாலைத் திரித்து வடிகட்டும்போது பாலிலிருக்கும் புரதத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும், கொழுப்போ பெரும்பாலும் பனீரிலேயே தங்கிவிடும். அதனால்தான் கெட்டியான பனீர்கூட ஆறைத் தாண்டுவதில்லை. கிலோ நானூறு ரூபாய் கொடுத்து வாங்கினால் முப்பது கிராம் புரதத்துக்கு அறுபத்தைந்து ரூபாய். கையில் காசு குறைவென்றால் பனீர் பக்கம் போகவே வேண்டாம்.

தயிரில் எதுவும் வீணாவதில்லை. நாற்பது ரூபாய்க்கு நீல பாக்கெட் பால் ஒரு லிட்டர் வாங்கி வீட்டில் உறை ஊற்றினால் முப்பத்தொரு கிராம், கிட்டத்தட்ட முட்டையின் விலைதான். ஆனால் ஒரு லிட்டர் தயிரை ஒரே ஆள் எப்படிச் சாப்பிடுவது? மூன்று சதவீதக் கொழுப்புள்ள அந்தப் பாலுக்குப் பதில் ஒன்றரை சதவீதப் பாலில் உறை ஊற்றினால் நூறு கலோரிக்கு ஏழு கிராம் வரும், தயிர் பருப்பைத் தாண்டிவிடும். ஆறு சதவீதப் பாலென்றால் நான்குக்கும் கீழே.

எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்கு இப்போது நடப்பது: காலையில் அவித்த முட்டை இரண்டு, மதியம் ஐம்பது கிராம் கெட்டிப்பருப்பு, இரவு குழம்பில் பதினைந்து கிராம் மீல் மேக்கர். புரதம் முப்பத்தொன்று, எண்ணெயைச் சேர்க்காமல் கலோரி முந்நூற்று அறுபதுக்குக் கொஞ்சம் மேல், செலவு ரேஷன் பருப்போடு பதினெட்டு ரூபாய். முட்டை சாப்பிடாத என் தங்கைக்கு மட்டும் மீல் மேக்கர் முப்பது கிராம், ஒன்றரை சதவீதப் பாலில் உறைந்த தயிர் ஒரு கிண்ணம்.