வேர்டில் பின்னணியை நீக்கினால் ஓரத்தில் ஏன் புள்ளி நிற்கிறது: ஒரு மல்லிகைப் படமும் மூன்று வழிகளும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு விசிட்டிங் கார்டு செய்துகொண்டிருந்தேன். மேலே அரக்கு நிறத்தில் ஒரு பட்டை, அதன் மேல் ஒரு கைப்பிடி மல்லி மொட்டு. அவ்வளவுதான் கேட்டார். படமும் அவரே எடுத்துக் கொடுத்தார், வெள்ளைத் தாளில் மொட்டைக் கொட்டி, போனில். நான் வழக்கம்போல வேர்டில் படத்தைப் போட்டு, `Picture Format` > `Color` > `Set Transparent Color` போய், வெள்ளையில் ஒரு கிளிக். திரையில் பளிச்சென்றுதான் இருந்தது. படத்தை அரக்குப் பட்டை மேல் நகர்த்தியதும் வண்டவாளம் தெரிந்தது. மொட்டைச் சுற்றிலும் வெள்ளைப் பொடி, மொட்டுக்குள்ளே அரக்கு ஓட்டைகள்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பூ மேல சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி இருக்கு?” என்றார்.

“மாத்திடுறேன்ணே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு படத்தை மூன்று விதமாகச் செய்து பார்த்ததுதான் இந்த அலசல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இப்போது கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளின் பக்கம்.

முதல் வழி, அதே `Set Transparent Color`. இதற்கு ஐந்து விநாடி போதும். ஆனால் அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் புள்ளியின் காரணம் பாதி புரிந்துவிடும். ஒரு `.docx` கோப்பின் நகலை `.zip` என்று பெயர் மாற்றித் திறந்தால், உள்ளே `word/document.xml` இருக்கும். அந்தக் கிளிக் அதில் இப்படித்தான் பதிவாகிறது:

```
<a:clrChange>
  <a:clrFrom><a:srgbClr val="FFFFFF"/></a:clrFrom>
  <a:clrTo><a:srgbClr val="FFFFFF"><a:alpha val="0"/></a:srgbClr></a:clrTo>
</a:clrChange>
```

ஒரே ஒரு நிறம். `FFFFFF` என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. அந்த நிறமுள்ள பிக்சல் புள்ளிகளை மறைத்துவிடு, மற்றதைத் தொடாதே. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சேர்த்துக்கொள் என்று சொல்ல அதில் இடமே இல்லை. படத்தில் வரக்கூடிய நிறங்கள் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல். அதில் ஒன்றைத்தான் நாம் நீக்குகிறோம். 254, 254, 252 என்று ஒரு புள்ளி இருந்தால், நம் கண்ணுக்கு அதுவும் வெள்ளை, வேர்டுக்கு அது வேறு நிறம்.

சரி, வெள்ளைத் தாளில் 254 எங்கிருந்து வந்தது? தாளில் நிழல் விழும், கேமராவின் இரைச்சல் இருக்கும், இதெல்லாம் தெரிந்த கதை. ஆனால் ஓரத்தில் மட்டும் பொடி கூட்டமாக நிற்பதற்கு முக்கியக் காரணம் ஜேபெக். அது படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டலாக மாற்றி, கண்ணுக்கு அதிகம் உறைக்காத நுண்ணிய அலைகளைத் தோராயமாக்கிச் சேமிக்கிறது. ஒரு கட்டம் முழுக்க வெள்ளை என்றால் அது வெள்ளையாகவே திரும்பி வரும். ஆனால் கட்டத்தின் ஒரு மூலையில் மொட்டின் காம்பு நுழைந்துவிட்டால், அந்தக் கூர்மையான ஓரத்தைத் தோராயமான அலைகளால் சரியாகக் கட்ட முடியாது. மிச்சமுள்ள வெள்ளைப் பகுதியிலும் சிற்றலை அடிக்கும். அலையின் மேடு 255-ஐத் தாண்டப் பார்க்கும், தாண்ட முடியாது, 255-லேயே வெட்டப்படும். பள்ளம் 250, 247 என்று இறங்கிவிடும். நாம் கிளிக் செய்ததும் மேடுகள் மறைகின்றன, பள்ளங்கள் நிற்கின்றன. அதனால்தான் அது கோடாக இல்லாமல் பொடிப் பொடியாகத் தெரிகிறது.

இதை நம்பாதவர்கள் பெயின்டில் ‘மதுரை’ என்று பெரிதாக எழுதி, ஒரே படத்தை ஒருமுறை பிஎன்ஜி-யாகவும் ஒருமுறை ஜேபெக்காகவும் சேமித்து, இரண்டையும் வேர்டில் ஓர் அடர்நிறக் கட்டத்தின் மேல் வைத்து வெள்ளையை நீக்கிப் பாருங்கள். பிஎன்ஜி-யில் எழுத்தை ஒட்டி மெல்லிய வெளிறிய விளிம்பு மட்டும் நிற்கும். ஜேபெக்கில் அந்த விளிம்போடு, எழுத்தைச் சுற்றிப் பொடியும் சேர்ந்து நிற்கும், எழுத்தை விட்டுத் தள்ளிப் போனால் சுத்தமாக இருக்கும். ஆக இரண்டு நோய். பொடி ஜேபெக்கின் வேலை, விளிம்பு வேறொன்று. அதற்கு அப்புறம் வருகிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மறுபடி ஒருமுறை சுருக்கப்பட்டுப் பொடி கூடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குவது நல்லது.

இன்னொன்று. சோதிக்கும்போது பின்னால் அடர்நிறம் இருந்தே ஆக வேண்டும். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைப் பொடி தெரியாது, நான் ஏமாந்தது அங்கேதான். மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடிப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. கடை பிரிண்டரில் வெள்ளை மை இல்லை, அதனால் பொடி அச்சிலேயே ஏறாது.

மல்லியில் கூடுதல் சிக்கல், பூவும் வெள்ளை. மொட்டின் மேல் வெளிச்சம் பட்ட இடங்களில் 255 வந்துவிடுகிறது, வேர்டு அதையும் சேர்த்து ஓட்டை போட்டுவிடுகிறது. அது படத்தில் எங்கே இருந்தாலும் அந்த நிறத்தைத் தேடிப் பிடிக்கும், பின்னணி எது பூ எது என்று அதற்குத் தெரியாது. கணினியில் வரைந்து பிஎன்ஜி-யாகச் சேமித்த முத்திரை, கோட்டுப் படம் போன்றவற்றுக்கு இது போதும். போட்டோவுக்கு ஆகாது.

இரண்டாவது வழியும் வேர்டிலேயே இருக்கிறது, `Remove Background`. ஆபீஸ் 2010-இல் வந்தது. இது நிறத்தை எண்ணாமல் பகுதியைப் பிரிக்கப் பார்க்கும், தப்பாகப் பிரித்தால் `Mark Areas to Keep`, `Mark Areas to Remove` என்று நாம் கோடு போட்டுத் திருத்தலாம். மூன்று நிமிட வேலை. ஓட்டைகள் போய்விட்டன, தூரத்துப் பொடியும் போய்விட்டது. ஆனால் என் படத்தில் இரண்டு காம்புகளைத் தின்றுவிட்டது, மொட்டுகளுக்கு நடுவே இருந்த சிறிய வெள்ளை இடைவெளிகளை விட்டுவிட்டது. ஆள் படம், பாத்திரம், வண்டி இவற்றுக்கு நன்றாகவே வருகிறது, காதணி விழாப் பத்திரிகைக்கு நான் இன்னும் இதைத்தான் எடுக்கிறேன். லிப்ரேஆபீஸ் இம்ப்ரஸில் `Color Replacer` என்று ஒன்று உண்டு, அதில் நிறத்துக்கு எத்தனை சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்று கொடுக்க முடியும். அதை ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கிறேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த விளிம்பு. என் முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

அடுத்த நாள் அண்ணன் கொடுத்த புது மொட்டை நீலச் சார்ட்டில் வைத்து நானே படம் எடுத்தேன். பூவுக்கும் காம்புக்கும் சம்பந்தமில்லாத நிறம் வேண்டுமே. கிம்ப்பில் நிறம் பிடிக்கும் குழாயை வைத்துப் பார்த்தபோது சார்ட் சுமார் 30, 60, 150. மொட்டு 246, 246, 236. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளியின் பாதிப் பரப்பு பூ, பாதி சார்ட். கேமரா அதைப் பிரித்துக் காட்டாது, கலந்து 138, 153, 193 என்று ஒரு நீலம் கலந்த சாம்பலாகப் பதிந்துவிடும். இந்தப் புள்ளியை வைத்துக்கொண்டால் அரக்கு மேல் நீல வளையம். தூக்கி எறிந்தால் ஓரம் பல் பல்லாக, கத்தரியால் வெட்டிய மாதிரி. வைத்துக்கொள்ளவும் முடியாது, எறியவும் முடியாது. அந்தப் புள்ளியைப் பாதி மறைக்க வேண்டும். முதல் வழிக்கு அந்தப் பேச்சே கிடையாது, இருக்கிறது அல்லது இல்லை என்ற இரண்டே நிலை.

கிம்ப்பில் `Color to Alpha` செய்வது இந்தப் பாதிக் கணக்கைத்தான். இந்தப் புள்ளியில் சார்ட்டின் பங்கு எவ்வளவு என்று பார்த்து, அதைக் கழித்துவிட்டு, மீதியை அந்த அளவுக்கு மட்டும் தெரிய வைக்கிறது. மேலே சொன்ன புள்ளியைக் கணக்குப் போட்டால், சுமார் 48 சதவீதம் தெரியும், நிறம் ஏறக்குறைய 255, 254, 240. அதாவது பூவின் வெள்ளை திரும்பி வந்துவிட்டது, நீலம் போய்விட்டது. அரக்கு மேல் வைத்தால் ஓரம் அரக்கிலேயே கரைகிறது.

செய்முறை சுருக்கமாக: `Colors` > `Color to Alpha` திறந்து, நிறமாகச் சார்ட்டின் நீலத்தைக் குழாயால் எடுக்க வேண்டும். `Transparency threshold` கொஞ்சம் ஏற்றினால் சார்ட்டின் வெளிச்ச வேறுபாடுகளும் சேர்ந்து மறையும், பொடி இங்கேயே ஒழிகிறது. `Opacity threshold` கொஞ்சம் இறக்கினால் பூவின் உடம்பு திடமாகும். அதை மிகவும் இறக்கினால் ஓரம் மறுபடி முரடாகிவிடும். இரண்டையும் பின்னால் ஓர் அரக்கு லேயர் வைத்துக்கொண்டு நகர்த்திப் பார்ப்பதுதான் வழி.

இதில் குறை இல்லாமல் இல்லை. என் காம்புகள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. பச்சையிலும் கொஞ்சம் நீலம் உண்டு, கிம்ப் அதையும் சார்ட்டின் பங்காக எடுத்துக்கொண்டது. மூலப் படத்தை ஒரு லேயராக மேலே வைத்து, மாஸ்க் போட்டு, காம்பின் உட்பகுதியை மட்டும் தூரிகையால் திரும்பக் கொண்டுவந்தேன், ஓரத்தைத் தொடாமல். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். நாலு பேர் காத்திருக்கும் நேரத்தில் இருபது நிமிடம் பெரிது, அதை மறைக்க விரும்பவில்லை. கையெழுத்து ஸ்கேன் என்றால் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம், வெள்ளையை `Color to Alpha` கொடுத்தால் ஒரே அடியில் முடிந்துவிடும், மை அடர்நிறம் என்பதால்.

பிஎன்ஜி-யாக எக்ஸ்போர்ட் செய்து (ஜேபெக்கில் கொடுத்தால் மறைந்த இடமெல்லாம் நிறம் நிரம்பிவிடும்) வேர்டில் சாதாரணமாக `Insert` செய்தேன். கார்டு அச்சாகிப் போனது. பத்து நாள் கழித்து அண்ணன் மறுபடி வந்தார், பில் புக்குக்கும் அதே பூ வேண்டுமாம், ஆனால் பட்டை கரும்பச்சையில். பட்டையின் நிறத்தை மாற்றினேன், படத்தைத் தொடவே இல்லை. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் புரூஃப் கையில் இருந்தது.